வார்டிலிருந்து வந்த நம்பர்

அக்கா கைக்கு ஸ்மார்ட் போன் வந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில்தான் மச்சானுக்குத் தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்தது. ஈப்போ பெரியாஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தார். தெரியாத நம்பரை எடுத்தால் பேங்க் காசு போய்விடும் என்று சிம்பாங் பூலாய் ஊரே அவளைப் பயமுறுத்தி வைத்திருந்தது. அன்று மத்தியானம் அடித்த போனைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்துவிட்டாள்.

சாயங்காலம் நானும் அக்காவும் பார்க்கப் போனபோது நர்ஸ் மலாயில் பொரிந்து தள்ளினாள். ஆபரேஷனுக்குக் கையெழுத்து வேண்டுமென்று கூப்பிட்டது அவர்களாம். அக்கா கையெழுத்துப் போட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யாரைத் திட்டுவதென்றே தெரியவில்லை.

வெளியே பெஞ்சில் அவளை உட்கார வைத்தேன்.

"பச்சைப் போன் படத்தைத் தட்டுக்கா. 'ரீசன்ட்ஸ்'னு இருக்கா? சிவப்பா நிக்குது பாரு, அதான் நீ எடுக்காத கால்."

"தட்டுனா அங்க போயிடுமேலா?"

"போகட்டும், சரியான நம்பரான்னு தெரியும்."

போனது. அதே நர்ஸ் எடுத்தாள். அந்த வார்டின் நம்பர்தான். வைத்தபின், நம்பருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் இருந்த சின்ன 'ஐ' எழுத்தைத் தட்டச் சொன்னேன். கூட்டல் குறி போட்ட 'ஆட்' வந்தது. அதைத் தட்டினாள். 'கிரியேட் நியூ கான்டாக்ட்' என்றது. நம்பர் தானாகவே விழுந்திருந்தது. பெயர் மட்டும் காலி. தமிழில் அடிக்கும் கீபோர்டை முன்பே போட்டுக் கொடுத்திருந்தேன். ஒவ்வொன்றாகத் தேடி 'வார்டு' என்று அடித்து, கீழே 'சேவ்' தட்டினாள்.

"இனிமே இந்தப் பேரு வந்தா, என்ன வேலையா இருந்தாலும் எடு."

"எடுக்கிறேன்லா" என்றாள்.

நாங்கள் பிறந்த எஸ்டேட்டில், எழுபதுகளில், கணக்கு எழுதும் கிராணியின் ஆபீசில் மட்டும்தான் டெலிபோன். எங்களில் யார் வீட்டுக்கென்று அது அடித்தாலும் சாவுச் செய்திதான். ஆபீசிலிருந்து ஆள் ஓடி வருவதைப் பார்த்ததுமே லயத்து வீடுகளின் பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள்.

ஆபரேஷன் முடிந்தும் மச்சான் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, அக்கா வீட்டில் நான் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மேசைமேல் பெரிய எழுத்தில் 'வார்டு'. எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தாள். கையை நீட்டவில்லை.

"எடுக்கா!"

நான் எழுந்து போவதற்குள் அடித்து ஓய்ந்தது. திரையைத் தட்டி, சிவப்பாக நின்ற பெயரின்மேல் விரலை வைக்கப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறு தம்பி. நீ கூப்பிடுற வரைக்கும் அவரு இருக்காருலா."

கோப்பி ஆறும்வரை நாங்கள் இருவரும் அப்படியே நின்றோம். பிறகு அவளே என் கையை விட்டாள்.