முப்பத்தெட்டு லிட்டர்

அந்தப் பை கம்பெனியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாசல் காவலர் முதல் கணினிப் பிரிவுப் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் அவள் லிட்டரக்காதான்.

பதினாறு வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். மணிக்கட்டு நரம்பு இழுத்துக்கொண்டு, டாக்டர் இனி மெஷின் வேண்டாம் என்று சொன்னபோது, வேலை போய்விட்டது என்றே நினைத்தாள். அப்போது கம்பெனியின் இணையக் கடையில் திரும்பி வரும் பைகள் மலையாகக் குவிந்துகொண்டிருந்தன. பையில் குறை இல்லை, கடையில் எழுதிய விவரத்தில்தான் குறை. "லேப்டாப் நுழையவே இல்லை" என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். விவரம் எழுதியவருக்குப் பையைத் தொட்டுப் பார்க்கும் வழக்கமே கிடையாது.

முதலாளியம்மா இவளைக் கூப்பிட்டு, "உங்களுக்குப் பையோட உள்ளும் புறமும் தெரியும். நீங்களே எழுதுங்க" என்றார். அன்றிலிருந்து மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னல் அறை அவளுடையது. அங்கே ஒரு டேப், ஒரு தராசு, தச்சர் செய்துகொடுத்த லேப்டாப் அளவு மரப்பலகைகள், ஒரு டிரம் நிறைய பிளாஸ்டிக் குண்டுகள். பதினைந்தரை அங்குலம் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு, லேப்டாப்பின் அகலம் அல்ல. அதே திரைக்கு மெலிந்ததும் உண்டு, செங்கல் மாதிரி தடித்ததும் உண்டு. அதனால் அவள் எழுதும்போது நீளம், அகலம், தடிமன் மூன்றையும் சென்டிமீட்டரில் எழுதுவாள். பைகள் திரும்பி வருவது பாதியாகக் குறைந்தது.

அந்தப் புதன்கிழமை பயணப் பை ஒன்று மேஜைக்கு வந்தது. மாலை நான்கு மணிக்கு அது இணையக் கடையில் விற்பனைக்கு ஏற வேண்டும். அறுநூறு பை கிடங்கில் தயாராக இருந்தது.

அட்டையில் நாற்பத்துநான்கு லிட்டர் என்று அச்சடித்திருந்தார்கள். அவள் குண்டுகளைக் கொட்டி, மெல்லக் குலுக்கி, கழுத்துவரை நிரப்பினாள். பாக்கெட்டுகளையும் நிரப்பினாள். எல்லாவற்றையும் அளவு டப்பாவில் திருப்பிக் கொட்டினால் முப்பத்தெட்டு. யாரோ வெளிப்புற நீள அகல உயரத்தைப் பெருக்கிவிட்டு எழுதியிருக்கிறார்கள். பஞ்சும் உள்துணியும் வளைந்த மூலைகளும் தின்ற இடத்தைக் கழிக்கவே இல்லை. இது அவளுக்குப் புதிதல்ல. ஸ்டிக்கர் ஒட்டிச் சரிசெய்துவிடலாம்.

துணி சரியாக இருந்தது. அறுநூறு டெனியர் கனமுள்ள நூலில் நெய்த பாலியஸ்டர், உள்பக்கம் தண்ணீர் இறங்காத பூச்சு. தையல் துளை வழியே ஈரம் கசியும் என்பதால் 'தூறலைத் தாங்கும், அடைமழைக்கு உறை போடவும்' என்று எழுதினாள். லேப்டாப் அளவுப் பலகை உள்ளிருந்த லேப்டாப் உறைக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கியது. நல்லது.

பிறகு பெரிய ஜிப்பை இழுத்தாள். கை நின்றது.

மெஷினில் ஆயிரக்கணக்கில் ஜிப் தைத்த கை அது. பல்வரிசைமேல் ஓடும் ரன்னரைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தாள். ஐந்து என்று பொறித்திருந்தது. தைப்பதற்கு முன் முதலாளியம்மா ஒப்புக்கொண்ட மாதிரிப் பையை எடுத்துப் பார்த்தாள். எட்டு. இரண்டுமே நைலான் சுருள்தான், ஆனால் ஐந்தின் பல்வரிசை எட்டைவிட மெலிசு. தோள் பைக்கு அது போதும். மூட்டை மாதிரி அடைத்து மூடுகிற பயணப் பைக்குத் தாங்காது.

பைக்குள் துணிமூட்டையைத் திணித்து ஜிப்பைத் திறந்து மூடினாள். நூறு தடவை ஒன்றும் ஆகவில்லை. மணிக்கட்டு கத்த ஆரம்பித்தது. கையை மாற்றினாள். இருநூற்றுப் பத்தாவது தடவையோ என்னவோ, ரன்னர் முன்னால் போக, பின்னால் பல்வரிசை வாயைப் பிளந்துகொண்டது.

விவரத்தின் கடைசி வரி ஏற்கெனவே முடிவாகியிருந்தது: 'ஜிப்புக்கும் தையலுக்கும் ஐந்து வருட வாரண்ட்டி.'

போனை எடுத்தவள் எண்ணை அழுத்தத் தயங்கினாள். வாரண்ட்டியை நினைத்து மட்டும் அல்ல. ஜிப் வாங்குகிற பொறுப்பு அவளுடைய தம்பிக்கு.

கூப்பிட்டாள். படியேறி வந்தவன் மேஜையைப் பார்த்ததுமே கதவைச் சாத்தினான்.

"எட்டு நம்பர் சரக்கு வரல அக்கா. மூணு வாரம் லேட்டு. மெஷின் எல்லாம் சும்மா நின்னுச்சு. கையில இருந்ததைப் போட்டுட்டேன்."

"மேடத்துக்குச் சொன்னியா?"

"சொன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

"இருநூறு தடவைதான்டா தாங்குச்சு."

"நீ போட்டு அமுக்கினா எதுதான் தாங்கும்? 'உறுதியான ஜிப்'னு எழுதிட்டுப் போ. நம்பர் யார் கேக்கப் போறா?"

"வாரண்ட்டின்னு எழுதியிருக்கு. ஆறு மாசத்துல அத்தனையும் திரும்பி வரும். யார் எழுதினாங்கன்னு பாப்பாங்க."

அவன் குரல் இறங்கியது. "இந்த ஒரு தடவை விட்டுடு அக்கா. வேலை போயிடும். குழந்தைய இப்பதான் ஸ்கூல்ல சேத்திருக்கேன்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே அவள்தான்.

"மூணு மணி வரைக்கும் நேரம் இருக்கு. நீயே போய்ச் சொல்லு. நீ சொன்னா அது வெறும் தப்பு. நான் சொன்னா திருட்டு மாதிரி ஆயிடும்."

"கூடப் பொறந்தவளா நீ?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனான்.

மூன்று மணி ஆனது. மூன்றே கால். கணினிப் பிரிவிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. "லிட்டரக்கா, எல்லாம் ரெடி, உங்க எழுத்துக்குத்தான் வெயிட்டிங்." அவள் விரல்கள் எழுத்துப் பலகைமேல் சும்மா கிடந்தன. 'உறுதியான ஜிப்' என்று அடித்துப் பார்த்தாள். படிக்க அழகாகத்தான் இருந்தது. அழித்தாள்.

மூன்றரைக்கு, 'கொள்ளளவு முப்பத்தெட்டு லிட்டர். பெரிய ஜிப் ஐந்தாம் எண் நைலான் சுருள், நிரம்ப அடைக்க ஏற்றதல்ல' என்று எழுதி, வாரண்ட்டி வரியைக் காலியாக விட்டு, முதலாளியம்மாவின் ஒப்புதலுக்கு அனுப்பினாள்.

ஐந்து நிமிஷத்தில் அவரே படியேறி வந்தார். பிளந்த ஜிப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"யார் மாத்தினது?"

"வாங்கினது என் தம்பி, மேடம். சரக்கு வரலைன்னு மாத்தியிருக்கான். உங்ககிட்டச் சொல்லியிருக்கணும், சொல்லல."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மதியம். அவனே வந்து சொல்லட்டும்னு பாத்தேன்."

"நாலு மணிக்கு ஏத்தறோம்னு தெரிஞ்சும் பாத்தீங்க."

முதலாளியம்மா அங்கேயே நின்று போனில் விற்பனையை நிறுத்தச் சொன்னார். அறுநூறு பையிலும் ஜிப்பைப் பிரித்து எட்டாம் எண் தைக்க ஒரு மாதம் ஆனது. தையல் பிரிவுப் பெண்கள் அந்த மாதம் முழுக்க அவளைப் பார்த்து, "ஒரு வரி எழுதி எங்க இடுப்ப ஒடிச்சிட்டியேக்கா" என்று சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை.

தம்பிக்கு வேலை போகவில்லை. வாங்கும் பிரிவிலிருந்து எடுத்துக் கிடங்கில் போட்டார்கள். அவன் அவளுடைய போனை எடுப்பதை நிறுத்தினான். அவன் மனைவிதான் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையை அழைத்துக்கொண்டு வந்துபோனாள், எதுவும் நடக்காததுபோல.

மழைக்காலம் வந்தபோது ஒருநாள் மூன்றாம் மாடி அறையின் கதவு தட்டப்பட்டது. தம்பி. கையில் வேறொரு புதிய முதுகுப் பை. கிடங்குக்கு வந்த முதல் பெட்டியிலிருந்து எடுத்து வந்திருந்தான்.

"அட்டையில இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கு," என்றான். அக்கா என்று சொல்லவில்லை. "எனக்கு இருபத்திரண்டு மாதிரி தோணுது. ஏத்தறதுக்கு முன்னாடி பாத்துடு."

அவள் டிரம்மை இழுத்தாள். அவன் போகாமல் நின்று, அவளுடைய மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, டிரம்மின் மறுபக்கத்தைப் பிடித்துச் சாய்த்தான். குண்டுகள் சலசலவென்று பைக்குள் விழுந்தன. இருபத்திரண்டரை.

"அரை விட்டுட்டே," என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. ஆனால் தரையில் சிதறிய குண்டுகளை எல்லாம் பொறுக்கிப் போட்ட பிறகுதான் கீழே இறங்கிப் போனான்.