தகப்பன் பெயரின் கீழே

எங்கள் நூலகத்தில் புத்தக அட்டவணை போடும் அக்காவுக்கு ஒரே பிடிவாதம். தலைப்பெழுத்து தகப்பனுடையது, எழுதிய ஆளுடையது அல்ல. அகர வரிசையில் ஆளின் பெயர்தான் முதலில். தலைப்பெழுத்து காற்புள்ளிக்குப் பின்னால் போய் நிற்கும். இருபத்தாறு வருஷம் ஊரார் பெயரையெல்லாம் இப்படித்தான் காப்பாற்றினாள்.

அவள் பாடப் புத்தகங்களை அடுப்பில் போட்டவர் அவள் அப்பா. வீம்புக்குப் படித்து முடித்தாள். போன வருஷம் ஓர் ஆங்கில ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினாள். படிவம் குடும்பப் பெயர் கேட்டது. நமக்கு ஏது அது? கட்டத்தைக் காலியாக விட்டு, காரணமும் எழுதினாள். அங்கிருந்த மேதாவிகள் அவள் இணைத்திருந்த அடையாள அட்டையில் அப்பா பெயரைப் பார்த்து, தலைப்பெழுத்தை விரித்து அந்தக் கட்டத்தில் நிரப்பிவிட்டார்கள்.

அச்சில் அப்பா பெயர் முழுசாக முன்னால். அவள் பெயர் ஒற்றை எழுத்தாகப் பின்னால். திருத்தச் சொல்லி நாலு மடல் போட்டாள். "எங்கள் முறை இதுதான்" என்று ஒரே பதில். அதற்குள் பதினோரு பேர் அப்பாவை மேற்கோள் காட்டியிருந்தார்கள்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"பொம்பளப்புள்ள படிச்சு என்னத்தக் கிழிக்கும்னு நெனச்சேன். பரவாயில்லையே, என் பேரக் காப்பாத்திட்டியே!"