மதுமதி கலக்கிக் குடித்த பொடி

நாமக்கல்லில் முட்டை மொத்த வியாபாரி ஒருவரின் அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலை மதுமதிக்கு. காலை முதல் மாலை வரை நாற்காலிதான். நாற்பத்தைந்து வயதில் ஒல்லியான உடம்பு. சேலத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த கணவன் அர்த்தநாரிக்குச் சிறுநீரகம் தர ஒத்துக்கொண்டபோது அந்த உடம்பைப் பற்றித்தான் பயந்தாள். தாங்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டால் தர வேறு ஆள் கிடையாது. மாமியாருக்குச் சர்க்கரை, கொழுந்தன் போனையே எடுப்பதில்லை.

கூட வேலை பார்க்கும் அனிதா, ஜிம்முக்குப் போகும் தன் தம்பியிடமிருந்து கிரியாட்டின் பொடி டப்பா ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். "நல்லா தெம்பு வருமுங்க அக்கா." மதுமதி தினமும் ஒரு கரண்டி கலக்கிக் குடித்தாள். ஒரு கிலோ எடை ஏறியது. உடம்பு தேறுகிறது என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று அழுதாள்.

ஆனால் ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு அவளுக்குக் கூடுதலாக வந்தது. சந்தேகம் தீராமல் அவள் சிறுநீரகத்தை எடுக்க முடியாது என்று ஆபரேஷனை நிறுத்தினார்கள். மருந்து ஏதாவது சாப்பிடுகிறாளா என்று கேட்டதற்கு இல்லை என்றாள். பொடியை அவள் மருந்தாக நினைக்கவே இல்லை. தனக்கும் கிட்னி கெட்டுவிட்டது என்றே நம்பினாள். பஸ்ஸில் ராசிபுரம் தாண்டும்வரை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் போய்விட்டால் மகள் கனிஷ்காவை யார் படிக்க வைப்பார்கள்?

அடுத்த டயாலிசிஸ் அன்று, கட்டிலோரம் அவள் பாட்டிலைக் குலுக்குவதைச் சிறுநீரக மருத்துவர் பார்த்தார்.

"அது என்னங்கம்மா?"

சொன்னாள். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இது உடம்புல கிரியாட்டினினாத்தான் மாறும். கிட்னி நல்லா இருந்தாக்கூட ரத்தத்துல அந்த அளவு கூடும். நிறுத்திட்டு சில வாரம் கழிச்சு மறுபடி பாக்கலாம். சிஸ்டாட்டின்னு இன்னொரு டெஸ்ட் இருக்கு, அதை இந்தப் பொடி மாத்தாது."

"தெம்பு வந்துச்சுங்களே டாக்டர். எடைகூட ஏறுச்சுங்க."

"அது பெரும்பாலும் தசையில சேர்ந்த தண்ணி. எடை தூக்கிப் பயிற்சி செய்யறவங்களுக்குக் கொஞ்சம் பலம் கூடும். உட்கார்ந்தே இருக்கறவங்களுக்குப் பெருசா ஒண்ணும் கிடைக்காதுங்கம்மா."

அந்த வாரங்களில் அர்த்தநாரிக்கு டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்டிருந்த குழாயில் கிருமி ஏறிக் குளிர்காய்ச்சல் வந்தது. பல் தந்தியடிக்க நடுங்கினான். போர்வையோடு அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். குறித்த தேதியில் ஆபரேஷன் நடந்திருந்தால் இந்தக் குழாயே இருந்திருக்காது என்ற எண்ணம் அவளை விடவில்லை.

இரண்டு பரிசோதனையும் நல்லபடி வந்தன. சிறுநீரகம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது அவன் உடம்பு தயாராக இல்லை. கிருமி முழுக்க அடங்கட்டும், பிறகு தேதி பார்க்கலாம் என்றார்கள்.

"என்னாலதானுங்க மாமா தள்ளிப்போச்சு," என்றாள்.

அவன் கண்ணைத் திறக்காமல் சொன்னான்: "எனக்காவத்தான குடிச்ச. உடு மதி."

அவளால்தான் விட முடியவில்லை. வார்டு வராந்தாவில் உட்கார்ந்து, அன்றைய காய்ச்சல் எவ்வளவு என்று நர்ஸ் வந்து சொல்வதற்காகக் காத்திருந்தாள்.