நாலு மணி இறக்கம்

காற்று ஓரிடத்தில் நிற்பதில்லை, நானும் நின்றதில்லை. எங்கள் ஊர்கள் திருவிதாங்கூரோடு இருந்த கடைசி ஆண்டுகள் அவை. குமரிமுனையில் வானிலை நிலைய வேலை எனக்கு. பாரமானியில் பாதரசம் நிற்கும் உயரத்தையும் காற்றின் திசையையும் குறித்துத் தந்தியில் அனுப்ப வேண்டும். எழுதிய மை காய்வதற்குள் மனம் கடலுக்குப் போய்விடும்.

அந்த ஐப்பசியில் அக்காளின் கணவர், சுசீந்திரத்து அத்தான், மாலைதோறும் பஸ் ஏறி வந்தார். கன்னிப்பூ நெல் அறுப்பு பிந்திவிட்டது. அறுத்த கதிர் நனைந்தால் முளைத்துவிடும். மாசி அறுப்புவரை வீட்டுச் சோறு அதுதான்.

"மாப்பிளே, எறங்கியிருக்கே," என்பார் பாரமானியைப் பார்த்து.

"காலம்பற பத்து மணிக்கு ஏறி நிக்கும், சாயங்காலம் நாலு மணிக்கு எறங்கும், ராத்திரி பத்துக்குத் திரும்ப ஏறும். தினமும் உள்ளதுதான் அத்தான். நேத்தைய நாலு மணியோட இன்னைக்கு நாலு மணிய ஒத்துப் பாக்கணும்."

முதல் பாதியை மட்டும் அவர் மனதில் வைத்துக்கொண்டார். வருவதும் நின்றது. போராக அடுக்கி மூடாமல் கதிரைக் களத்தில் பரப்பிக் காயவிட்டார்.

ஒரு நாள் நாலு மணிப் பாதரசம் முந்தின நாள் நாலு மணிக்கும் கீழே போனது. பஸ்ஸில் வந்த நேற்றைய பத்திரிகையின் வரைபடத்தில், சம அழுத்தக் கோடுகள் இலங்கைக்குத் தென்கிழக்கே வளையம் வளையமாகச் சுருண்டிருந்தன. நேற்று வடகிழக்கிலிருந்து அடித்த காற்று இன்று நேர் கிழக்காகியிருந்தது. தந்தியைக் கொடுத்த கையோடு சைக்கிளை எடுத்தேன். வலப்பக்கமிருந்து காற்று தள்ளிக்கொண்டே வந்தது.

சுசீந்திரத்துக் களத்தில், பாதரசம் இறங்கியிருக்கிறது, மழை வரும் என்றதும் அத்தான் சிரித்தார். "நாலு மணிக்கு எறங்கத்தானே செய்யும். நீதானே சொன்ன?"

"ஏலே, இதுக்கா இந்த ஓட்டம் ஓடி வந்த?" என்றாள் அக்காள், கதிரைப் புரட்டிக்கொண்டே. "குண்டி ஒரு எடத்துல தரிக்காதே ஒனக்கு."

"அத்தான், காத்துக்கு முதுகு காட்டி நில்லுங்க. இடது கைய நீட்டுங்க."

நீட்டினார். கை தெற்கைக் காட்டியது.

"மழையக் கொண்டு வாற, அழுத்தம் கொறஞ்ச எடம் அந்தப் பக்கம். நேத்து இதே மாதிரி நின்னிருந்தா கை தென்கிழக்கக் காட்டியிருக்கும்."

"அப்போ நடந்துல்லா வருது," என்றார் மெதுவாக.

நீட்டிய கையை யாருடையதோ போலப் பார்த்தார். பிறகு அதே கையால் அறுப்பாட்களைக் கூப்பிட்டார். கதிர் உள்ளேயும் தாள் வெளியேயுமாகப் போர் எழும்பியது. மேலே பழைய வைக்கோலை அள்ளிப் போட்டோம். நான் தூக்கியதைவிடத் தெற்கே பார்த்து நின்றதே அதிகம் என்று அக்காள் ஏசினாள்.

கடைசிக் கட்டுகள் களத்தில் கிடக்கையில் மழை வந்துவிட்டது. நனைந்தவை அவை மட்டுமே. ஒன்றைத் தலையில் சுமந்தபடி, முகத்தில் நீர் வழிய அத்தான் கேட்டார்:

"ராத்திரி பத்து மணிக்கு ஏறுமா மாப்பிளே?"

"ஏறும். நேத்தைய பத்து மணிய எட்டாது."