சும்மா இருக்கும்போது அணைந்த கம்ப்யூட்டர்

ஆபீசில் என் வேலை, அடுத்தவர் கம்ப்யூட்டருக்கு வரும் கோளாறுகளுக்குப் போனில் பதில் சொல்வது. காலையில் ஹெட்போனை மாட்டினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் கழற்றுவேன். "அப்னே ஆப் பந்த் ஹோ கயா", தானாகவே அணைந்துவிட்டது, என்று யாராவது இந்தியில் ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தானாக எப்படி ஐயா அணையும்? எதையாவது தட்டியிருப்பீர்கள், ஒயரை இழுத்திருப்பீர்கள். பெரும்பாலும் அதுதான் உண்மையும்கூட. பன்னிரண்டு வருஷம் இந்த ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி, யோசிக்காமலே வாயில் வந்து நிற்கும் அளவுக்கு அது பழகிவிட்டது.

தமிழ்த் தொழிலாளர்கள் குடியிருக்கும் லேபர் கேம்ப்பில் பிறந்து வளர்ந்த நானும் அக்காவும் இப்போது திலக் நகரில் ஒரு ஹாலும் சமையலறையும் உள்ள வீட்டில் இருக்கிறோம். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். கோட்டைப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். கம்பெனியை மூடிவிட்டார்கள். ஒரு வருஷமாக வேலை தேடினாள். நாற்பதைத் தாண்டிய பெண்ணை நேர்முகத்துக்கே யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் சும்மா இருப்பது அவளை அரித்துக்கொண்டிருந்தது. "ஒங்கிட்ட டிரெயின் பாஸுக்குக் கேக்கதுக்கே கூச்சமா இருக்கு டே" என்று ஒருநாள் சொன்னாள். கடைசியில் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. தேர்வு எழுத வேண்டும், வீட்டிலிருந்தே எழுதலாம், ஒன்றரை மணி நேரம். கேமராவும் மைக்கும் போட்டு எங்கிருந்தோ ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். தேறினால் வேலை ஏறக்குறைய உறுதி. தவறினால் மூன்று மாதம் கழித்துத்தான் மறுவாய்ப்பு.

வீட்டுக் கம்ப்யூட்டர் நான் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தது. எட்டு மூளை மாதிரி எட்டு கோர் உள்ள பிராசஸர், அதோடு டப்பாவில் வந்த சின்ன ஃபேன். மே மாதம். மேல்மாடி வீடு என்பதால் பதினொரு மணிக்கே ஹால் கொதிக்கும். அக்கா மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தபோது, கேமராவும் திரைப்பதிவும் ஓடத் தொடங்கியதும் ஃபேன் குப்பென்று வேகமெடுத்து இரைந்தது. 'பின்னணியில் சத்தம்' என்று திரையில் இரண்டு முறை எச்சரிக்கை வந்தது. மூன்றாவது முறை வந்தால் தேர்வு ரத்து.

ஃபேன் எந்தச் சூட்டில் எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்று, கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில், ஒரு கோடு வரைந்திருக்கும். அதைக் கொஞ்சம் தாழ்த்தியிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். ஆனால் எனக்கு என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட வேண்டும். பிராசஸருக்குப் போகும் வோல்டேஜைக் குறைக்கிறேன் என்று உட்கார்ந்தேன்.

இதில் பயப்பட ஒன்றும் இல்லை. எல்லா பிராசஸரும் ஒரே தரத்தில் வார்க்கப்படுவதில்லை. அதனால் தயாரிப்பவர்கள் தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வோல்டேஜ் வைத்து அனுப்புகிறார்கள். அந்தக் கூடுதலைக் கத்தரித்தால் சூடு குறையும், வேகம் குறையாது. அதிகமாகக் கத்தரித்தால் கம்ப்யூட்டர் நின்றுபோகும், கணக்கு தப்பும். ஆனால் எதுவும் எரிந்து போகாது. வோல்டேஜைக் கூட்டினால்தான் ஆபத்து. அதை நான் தொடவில்லை.

ஒரு வாரம் பிடித்தது. ஒவ்வொரு படியாகக் குறைத்தேன். படிக்கு அரை மணி நேரம் சோதனை, திரையில் ஒரு பக்கம் வெப்பநிலை காட்டும் ஜன்னல். சோதனை நிரல், பெரிய பகா எண்களைத் தேடி எட்டு கோரையும் ஒரே நேரத்தில் பிழிந்தெடுக்கும். விடை ஓர் இலக்கம் பிசகினாலும் நிறுத்திச் சொல்லிவிடும். ஆரம்பத்தில் முழுச் சுமையில் தொண்ணூற்றைந்து டிகிரி போனது. எட்டு கோருக்கும் ஒரே அளவாக மைனஸ் இருபத்தைந்து படி வைத்து, மின்சார உச்சவரம்பையும் கொஞ்சம் இறக்கியபோது எழுபத்தெட்டில் நின்றது. ஃபேன் மெல்ல முனகியது, அவ்வளவுதான்.

அதோடு விட்டிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. சூடுதான் குறைந்துவிட்டதே என்று உச்ச வேகத்தில் இன்னொரு நூறு மெகாஹெர்ட்ஸ் கூட்டி வைத்தேன். காலையில் சோதனையை ஓடவிட்டு ஆபீஸ் போய், சாயங்காலம் வந்து பார்த்தேன். ஒன்பது மணி நேரம். ஒரு பிழை இல்லை. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மறுபடி மாதிரித் தேர்வு எழுதினாள். நான் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஏல, இங்க வா. அணைஞ்சிட்டு" என்றாள்.

"என்ன அணைஞ்சிட்டு?"

"கம்ப்யூட்டர்தான். படிச்சிட்டு இருந்தேன், டப்புனு போயிட்டு. இப்ப தானா வருது."

"எதைத் தொட்ட?"

"ஒண்ணையும் தொடலடே. பெரிய கேள்வி, வாசிச்சிட்டுல்லா இருந்தேன். கை மவுஸ்லகூட இல்ல."

நான் மேசைக்கு அடியில் குனிந்தேன். எக்ஸ்டென்ஷன் போர்டு அவள் கால் மாட்டில் கிடந்தது. போதாதா?

"இதை மிதிச்சிருப்ப."

"மிதிக்கலடே."

"காலை ஆட்டிக்கிட்டே இருப்பல்லா, தெரியாம பட்டிருக்கும். ஒன்பது மணி நேரம் எட்டு கோரையும் போட்டு அடிச்சேன், அசையல. சும்மா வாசிக்கும்போது எப்படி அணையும்? தானா எதுவும் நடக்காதுக்கா."

குரலை உயர்த்தித்தான் சொன்னேன். அவள் போர்டைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள். "பட்டிருக்குமோ என்னவோ" என்றாள். போர்டைச் சுவரோரமாகத் தள்ளிவைத்துவிட்டு நான் மீனைக் கழுவப் போனேன்.

வியாழக்கிழமை தேர்வு. நான் லீவு போட்டிருந்தேன். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பதால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஃபேன் சத்தமே இல்லை. எனக்கு உள்ளூரப் பெருமை. ஐம்பது நிமிஷம் ஆகியிருக்கும். அக்கா என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் கத்தவில்லை.

கதவைத் திறந்தேன். திரை கறுத்துக் கிடந்தது. அக்கா நாற்காலியில் இரண்டு காலையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முட்டியில் முந்தானையை இறுக்கிச் சுற்றியிருந்தாள்.

"நான் மிதிக்கல. பாரு, காலு மேலதான் இருக்கு. ஆரம்பத்துலேருந்தே மேலதான் வச்சிருக்கேன்."

ஐம்பது நிமிஷம் அப்படியே இருந்திருக்கிறாள். எழப் பார்த்தபோது கால் மரத்துப்போய் மேசையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. அவள் கேள்விகளைப் பற்றி நினைத்த நேரத்தைவிடத் தன் காலைப் பற்றி நினைத்த நேரம்தான் அதிகமாக இருந்திருக்கும். அப்படி நினைக்க வைத்தவன் நான்.

பயாஸுக்குள் போய் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினேன். அவசரத்தில் ஒருமுறை தவறான இடத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் எழுந்ததும் நான் வீட்டைவிட்டு வெளியே போய் நின்றேன். கண்காணிப்பவர் அறையை நாலு பக்கமும் காட்டச் சொல்லி, அடையாள அட்டையை மறுபடி கேட்டு, உள்ளே விட்டார். பதினான்கு நிமிஷம் போய்விட்டது. வராந்தாவில் நின்ற எனக்கே ஃபேன் இரைச்சல் கேட்டது.

கடைசி ஒன்பது கேள்வியை அவளால் தொட முடியவில்லை. அடுத்த வாரம் முடிவு வந்தது. நான்கு மதிப்பெண்ணில் தவறியிருந்தாள்.

தேர்வு முடிந்த அன்று சாயங்காலமே விண்டோஸ் தானாக எழுதிவைக்கும் பதிவேட்டைத் திறந்தேன். எடுத்த எடுப்பிலேயே அதைத்தான் பார்த்திருக்க வேண்டும். 'பிராசஸர் கோரில் வன்பொருள் பிழை' என்று ஒரு வரி. கீழே ஞாயிற்றுக்கிழமை தேதியில் இன்னொரு வரி. இரண்டிலும் ஒரே கோரின் எண். போர்டை மிதித்து அணைந்திருந்தால் மின்சாரம் திடீரென்று நின்றது என்பது மட்டும்தான் இருக்கும், பிராசஸரைக் குறை சொல்லும் வரி இருக்காது. நாலு நாளாக அது அங்கேயேதான் கிடந்திருக்கிறது.

காரணமும் புரிந்தது. எட்டு கோரும் சேர்ந்து உழைக்கும்போது மின்சார வரம்பு குறுக்கே நிற்கும், எந்தக் கோரும் உச்ச வேகத்துக்குப் போகாது. சும்மா இருந்துவிட்டு, பின்னணியில் எதையாவது சேமிப்பது போன்ற சின்ன வேலை வந்தால்தான் ஒரே ஒரு கோர் கண்ணிமைக்கும் நேரம் உச்சத்துக்குத் தாவும். நான் கூட்டிய நூறும் அங்கேதான் இருக்கிறது, நான் கத்தரித்த வோல்டேஜ் போதாமல் போவதும் அங்கேதான். ஒன்பது மணி நேரச் சோதனை அந்த இடத்தைத் தொடவே இல்லை. ஒரு பத்தியை நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தவள்தான் தொட்டாள்.

பதிவேட்டை அக்காவிடம் காட்டினேன். "நீ மிதிக்கல. என் தப்பு" என்றேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு வரியையும் வாசித்தாள். "சரி, விடு" என்றாள். அவ்வளவு லேசாக அவள் விட்டது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அடுத்த மூன்று மாதத்தில் ஒழுங்காகச் செய்தேன். கூட்டிய நூறை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு கோரையும் தனித்தனியாக, ஒற்றைச் சுமையில், மணிக்கணக்காகச் சோதித்தேன். பதிவேட்டில் எண் வந்திருந்த அந்தக் கோர் மைனஸ் ஐந்துக்கு மேல் தாங்கவில்லை, அதற்கு எதுவும் குறைக்காமலே விட்டேன். மற்றவற்றுக்குப் பன்னிரண்டு. ஃபேன் கோட்டையும் தாழ்த்தினேன். அப்புறம் முக்கியமாக, ஒன்றும் செய்யாமல் நாள் முழுக்கச் சும்மா ஓடவிட்டேன். அக்கா தினமும் அதில்தான் பயிற்சி எழுதினாள். தினமும் பதிவேட்டைப் பார்த்தேன். ஒரு வரிகூட வரவில்லை. சூடும் எண்பதைத் தாண்டவில்லை.

இரண்டாவது தேர்வுக்கு விண்ணப்பம் போடும் நாள் வந்தது. வீடா, தேர்வு மையமா என்று கேட்டிருந்தார்கள். அக்கா மையம் என்பதில் டிக் போட்டாள். அந்தேரியில், காலை எட்டு மணிக்கு. வடாலாவில் வண்டி மாற வேண்டும்.

"எதுக்குக்கா அவ்வளவு தூரம்? இப்ப ஏக்தம் சரியா இருக்கு. ரெண்டு மாசமா ஒருதடவைகூட அணையல. மிஷின் மேல இன்னும் சந்தேகமா?"

"மிஷின் மேல ஒரு சந்தேகமும் இல்லடே" என்றாள். திரையைப் பார்த்தபடியே அடுத்த கட்டத்தை நிரப்பினாள். "அங்கன அணைஞ்சா, நீ என்ன செஞ்சன்னு என்னைய ஒருத்தனும் கேக்க மாட்டான்."