சந்திரமதியின் பதினொரு நிமிடம்

சந்திரமதி முப்பத்தோரு வருடம் கிளேபாங்கில் ஆசிரியையாக இருந்தாள். அவளிடம் படித்தவர்கள் அவளைக் கண்டிப்பானவள் என்பார்கள். நான் அவளை அதற்கு முன்பே அறிவேன். காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். 1958இல் அவள் ஆசிரியர் பயிற்சியில் இருந்தாள். நான் மருத்துவமனையில் தாதிப் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு. அந்த வருடம் அவள் ஒரு படம் எடுத்துத் திரையிட்டாள். அவள் எப்படிப்பட்டவள் என்று கேட்டால் நான் அந்த ஒரு நாளைத்தான் சொல்வேன்.

அவளுடைய அப்பா நல்லையா நகராட்சியில் கால்வாய் துப்புரவு வேலை பார்த்தார். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனவர். அங்கே வந்த புண் இடது காலின் சதையைத் தின்றுவிட்டது. உயிரோடு திரும்பினார்; ஆனால் ஒவ்வோர் அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும். தெருப் பிள்ளைகள் அவர் பின்னால் அதே மாதிரி நடந்து காட்டுவார்கள். அவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

பயிற்சி வகுப்பில் ஐந்து மாணவர்கள் சேர்ந்து, சாவி கொடுத்து ஓட்டும் பதினாறு மில்லிமீட்டர் படக்கருவி ஒன்றைக் கடன் வாங்கினார்கள். சந்திரமதி எடுக்க விரும்பியது அப்பாவின் ஒரு நாள் வேலையை. அவர் ஒரு மாதம் மறுத்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது என் காதில் விழுந்தது:

"எடுத்துக்கோ. ஆனா ஒரு ஆள் சிரிச்சாலும் நான் எழுந்து போயிருவேன். அப்புறம் அந்தச் சுருளை நீயே அடுப்புல போடணும்."

"யாரும் சிரிக்க மாட்டாங்கப்பா. நான் பொறுப்பு" என்றாள் அவள்.

கொடுக்கக் கூடாத வாக்கு. நோயாளிக்குக்கூட அப்படி வாக்குக் கொடுக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அவள் கொடுத்துவிட்டாள். அந்தச் சுருளுக்குப் பிரதி கிடையாது. படக்கருவியில் ஓடிய அதே சுருளைச் சிங்கப்பூருக்கு அனுப்பிக் கழுவி வாங்கியிருந்தார்கள். அதைத்தான் அவள் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, வெட்டி ஒட்டினாள். ஓடும் படமாக அவள் அதைப் பார்த்ததே இல்லை.

இடம் கிடைத்தது. வாசகர் சங்கக் கட்டடத்தைச் செயலாளர் சேதுராமன் ஞாயிறு மாலை மூன்று மணிக்குக் கொடுத்தார். டிக்கெட் விற்கக் கூடாது, பெயர் சொல்லி அழைத்தவர்கள் மட்டும் வரலாம், காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்றார். மூன்று மணி என்பது பெண்களுக்காக. விளக்கேற்றும் நேரத்துக்கு முன் வீடு திரும்ப முடியாதென்றால் ஒருத்தியும் வரமாட்டாள். ஆனால் அந்த மண்டபத்தில் பன்னிரண்டு சன்னல்கள். வெயில் உள்ளே கொட்டும். குண்டுவீச்சுக்குப் பயந்து போர்க்காலத்தில் மருத்துவமனைச் சன்னல்களை மூடிய கறுப்புத் துணி எங்கள் கிடங்கில் மூட்டையாகக் கிடந்தது. தலைமைத் தாதியிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன். இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டால்தான் வெளிச்சம் நின்றது.

அழைப்பு அதைவிடப் பெரிய வேலை. அட்டை அச்சடித்து அனுப்பினால் எங்கள் பக்கத்தில் அது அழைப்பு ஆகாது. குங்குமம், வெற்றிலை பாக்கோடு வீட்டுப் பெரியவர்கள் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். நல்லையா மறுத்துவிட்டார். "என் காலைப் பார்க்க வாங்கன்னு நானே வாசல் வாசலா ஏறிக் கூப்பிடணுமா?" என்று கேட்டார்.  அம்மா ருக்மணிதான் மகளோடு தட்டைத் தூக்கிக்கொண்டு நான்கு நாள் அலைந்தார். ஜாலான் பெண்டஹாராவில் நாகம்மை ஆச்சி வீட்டில் மட்டும் முக்கால் மணி நேரம். ஆச்சி தாம் எங்கே உட்காருவோம், ஆண்கள் எந்தப் பக்கம் என்றெல்லாம் கேட்டு முடித்து, கடைசியில் வருகிறேன் என்றார். ஆச்சி வந்தால் அந்தத் தெருப் பெண்கள் எல்லோரும் வருவார்கள். மொத்தம் நூற்று இருபது பேர்.

சனிக்கிழமை காலை ஒத்திகை. கல்யாண வீடுகளுக்குப் படம் ஓட்டும் ஜெயபாலன் தன் புரொஜெக்டரோடு வந்தார். ஒலி, தனியாக ஒரு டேப் ரெக்கார்டரில் இருந்தது. நல்லையா தன் வேலையைப் பற்றிப் பேசியது, சரியாகப் பதினொரு நிமிடம். ஜெயபாலன் காலி மண்டபத்தில் கைதட்டிப் பார்த்தார், எதிரொலித்தது. ஆள் நிறைந்தால் எதிரொலி அடங்கும், சத்தமும் கொஞ்சம் அடங்கும், அதனால் நாளைக்கு ஒரு புள்ளி கூட்டி வைக்க வேண்டும் என்றார். ஒலிபெருக்கியைப் புரொஜெக்டர் பக்கத்திலிருந்து எடுத்து, திரைக்குக் கீழே நாற்காலிமேல் வைத்தார். புரொஜெக்டரின் கடகட சத்தம் குறைய மேசைமேல் கம்பளியை மடித்துப் போட்டோம். எல்லாம் ஒழுங்காக இருந்தது.

பிறகு படத்தை ஓட்டினார்.

திரையில் நல்லையா ஓடினார். நடக்கவில்லை. வாளியும் துடைப்பமுமாகக் குதித்துக் குதித்து, கோமாளி மாதிரி ஓடினார். அந்தச் சாய்ந்த கால் வெட்டி வெட்டி இழுத்தது. ஜெயபாலனின் உதவிக்கு வந்தவன் பக்கென்று சிரித்தான். சந்திரமதி, "நிறுத்துங்க" என்றாள். இரண்டு நிமிடம்கூட ஓடியிருக்காது.

படம்பிடித்த தியாகு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பிலிம் மிச்சமாகட்டும் என்று அவன் நொடிக்குப் பதினாறு படம் என்ற கணக்கில் எடுத்திருக்கிறான். ஜெயபாலனின் இயந்திரம் பேசும் படங்களுக்கானது. நொடிக்கு இருபத்துநான்குதான் ஓட்டும். குறைக்க அதில் விசை இல்லை. பதினொரு நிமிடப் படம் ஏழரை நிமிடத்துக்குள் முடிந்துபோகும். குரல் தனியாகப் பேசிக்கொண்டிருக்கும். அதுகூடப் பரவாயில்லை. அந்த நடையை இப்படிக் காட்டினால் மண்டபமே சிரிக்கும்.

தள்ளிப்போடச் சொன்னேன். "வெற்றிலை வச்சுக் கூப்பிட்டாச்சு, எப்படித் தள்ளிப்போடுறது?" என்றாள். அழவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஊரில் வேறு யாரிடம் இயந்திரம் இருக்கிறது என்று பெயர் பெயராகக் கேட்க ஆரம்பித்தாள்.

ஊருக்கு வெளியே செங் பக்கம் ஒரு தோட்ட அதிகாரியிடம் பழைய ஊமைப்பட இயந்திரம் இருந்தது. தியாகு ஞாயிறு மதியம் பன்னிரண்டரைக்கு அதை ஒரு டாக்சியில் மடியில் வைத்துக் கொண்டுவந்தான். வேகத்தைக் கூட்டிக் குறைக்கக் குமிழ் இருந்தது. ஆனால் பல்பு ஒன்றுதான், மாற்று இல்லை, வெளிச்சமும் கம்மி. அதில் படச்சுருள் சிக்கி நின்றால் பல்புச் சூட்டில் பிலிம் உருகிவிடும். அதனால் அவளுடைய சுருளைத் தொடாமல், இயந்திரத்தோடு வந்த வேறொரு துண்டை ஓட்டிப் பார்த்தோம். பெரிய திரையில் வெறும் சாம்பல் நிறம்தான் தெரிந்தது. இயந்திரத்தை முன்னால் தள்ளித் தள்ளி, படம் நான்கடி அகலமானதும் முகம் தெளிந்தது. நான்கடிப் படத்தை அறுபது பேர்தான் பார்க்க முடியும்.

அதனால் இரண்டு காட்சி. யாரை முதலில் விடுவது? ஆச்சி வீட்டாரை நிற்கவைத்துவிட்டு நகராட்சித் தொழிலாளர் வரிசை வீட்டாரை விட்டாலும் சண்டை, மாற்றினாலும் சண்டை. சந்திரமதி அரை நிமிடம் யோசித்தாள். "பொம்பளைங்களும் பிள்ளைங்களும் முதல்ல. ஆம்பிளைங்க அடுத்தது" என்றாள். அதில் யாருக்கும் குறை வராது. ஆனால் ஒரு சங்கடம் எனக்கு அப்போதே தெரிந்தது. தெருவில் நல்லையா மாதிரி நடந்து காட்டும் பிள்ளைகள் அத்தனை பேரும் முதல் காட்சிக்கு வருகிறார்கள். அவளுக்கும் தெரியும். 

மூன்று மணிக்கு மண்டபம் நிறைந்தது. சன்னல் மூடியதால் அடுப்பு மாதிரி காய்ந்தது. நல்லையா ஆண்களோடு வெளியே காத்திருக்கவில்லை. உள்ளே வந்து கடைசியில், கதவை ஒட்டி நின்றார். நான் அவருக்குப் பக்கத்தில்.

பிலிமின் முன்துண்டில் கீறிய சிலுவைக்குறி திரையில் வந்ததும் சந்திரமதி டேப்பை ஓடவிட வேண்டும். பிறகு தியாகு குமிழில் கை வைத்தபடி, குரலுக்குப் படம் முந்தினால் குறைத்து, பிந்தினால் கூட்ட வேண்டும். அவள் கடிகாரத்தைப் பார்த்து விரலால் காட்டுவாள். இருவரில் ஒருவர் நகர்ந்தாலும் குரலும் படமும் பிரிந்துவிடும்.

சிலுவை வந்தது. குரல் வந்தது. நல்லையா நடந்தார். அவர் நடக்கிறபடியே நடந்தார். சாய்ந்து, நிமிர்ந்து, சாய்ந்து. பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. ஐந்து நிமிடம் ஆனது, ஆறு ஆனது.  நல்லையாவைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டாவது நிமிடத்தில் நாகம்மை ஆச்சி சிரித்தார். அடக்கமுடியாத சிரிப்பு. உடனே மொத்த மண்டபமும் சிரித்தது.

நல்லையா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறினார். வெயில் ஒரு கோடாக உள்ளே விழுந்து மறைந்தது. சந்திரமதி திரும்பிப் பார்த்தாள். அப்பா இருந்த இடம் காலி. எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். எழவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, தியாகுவுக்கு விரலை உயர்த்தினாள். மீதி மூன்று நிமிடமும் அப்படியே உட்கார்ந்து ஓட்டி முடித்தாள். பல்பை அணைத்துவிட்டு, அது ஆறும்வரை விசிறியை ஓடவிடச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

அவர் கால்வாய்ப் பாலத்துக் கட்டைமேல் உட்கார்ந்திருந்தார். அடுத்த காட்சிக்கான ஆண்கள் வாசலில் நின்றார்கள். உள்ளே நடந்தது அவர்களுக்குத் தெரியாது.

"சிரிச்சாங்கப்பா. என் வாக்குத் தவறிப்போச்சு" என்றாள். "வேணாம்னு சொல்லுங்க, இப்பவே சுருளை எடுத்துர்றேன்."

அவர் கால்வாயைப் பார்த்தபடியே, "என் கால் எந்த இடத்துல வந்தப்ப சிரிச்சாங்க?" என்று கேட்டார்.

"கால் இல்லப்பா. ஆடு."

"எந்த ஆடு?"

"நீங்க பாலத்துமேல நாசி லெமாக் சோத்துப் பொட்டலத்த வச்சுட்டுக் கால்வாய்க்குள்ள குனிஞ்சீங்கல்ல? பின்னால ஒரு ஆடு வந்து அதத் தூக்கிட்டுப் போகுது. நீங்க நிமிர்ந்து பொட்டலத்தத் தேடுறீங்க. வெட்டி ஒட்டினப்ப எனக்கு அது சிரிப்பாத் தெரியல. ஒவ்வொரு படமாத்தான பார்த்தேன்."

 நான் அவள் கையைப் பார்த்தேன். சுருளைச் சுற்றும் வெறும் சக்கரத்தைப் பிடித்தபடியே வந்திருந்தாள்.

"அன்னிக்கா?" என்றார். "அது ஆடா?"

எழுந்து, வாசலில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு, முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். இந்தத் தடவை திரையைப் பார்த்தார். ஆண்களும் அதே இடத்தில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, முன்னால் குனிந்து, அந்த ஆட்டைக் கூர்ந்து பார்த்தார்.

விளக்குப் போட்டதும் அவர் மகளிடம் வரவில்லை. மூன்றாவது வரிசையில் இருந்த கலியாணசுந்தரத்திடம் போனார். இருவரும் ஒரே கால்வாயில் வேலை செய்பவர்கள்; இரண்டு மாதமாகப் பேச்சு இல்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது, கலியாணசுந்தரத்துக்கே தெரியாது.

"பொட்டலத்த நீ எடுத்தேன்னு நினைச்சுட்டேன்" என்றார் நல்லையா.

"அதான் பேசலியா?" என்றார் கலியாணசுந்தரம். "கேட்டிருக்கலாம்ல."

இருவரும் பேசிக்கொண்டே வெளியே போனார்கள். சந்திரமதி சுருளைத் தகரப் பெட்டியில் வைத்து மூடினாள். பிறகு நாங்கள் கறுப்புத் துணிகளை இறக்கினோம். திங்கட்கிழமை காலைக்குள் கிடங்கில் திருப்பித் தர வேண்டியிருந்தது.