ஒரே பதிப்பு, ஒரு வால்

மரக்காணம் உப்பளத்தில் இரண்டு பம்புகளை, பம்புக்கொரு பெட்டியில் இருந்த எங்கள் மென்பொருள்தான் ஓட்டியது. பாத்தி நிறைந்ததும் பம்பு தானாக நிற்க வேண்டும். அன்று ஒன்று நின்றது. மற்றொன்று நிற்காமல், உப்பு பூத்த பாத்தியில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன்.

"நல்லா ஓடுற பொட்டியில இருக்கறதையே இதுலயும் போடுங்க சார்!" என்று கத்தினார் உப்பளக்காரர்.

இரண்டு பெட்டிகளின் திரையையும் பார்த்தேன். கெட்டதில் v1.2-3-g4c1f09a. நிரலை பில்டு செய்து மென்பொருளாக்கும்போது, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டின் டிஸ்கிரைப் கட்டளை தானாகக் கொடுக்கும் பெயர் இது: v1.2 என்று குறித்த டேகுக்குப் பிறகு மூன்று கமிட், அதாவது மூன்று முறை பதிந்த மாற்றம், g-க்குப் பின்னால் கடைசி கமிட்டின் அடையாளம். நல்லதிலும் அச்சு அசலாக அதே பெயர். கடைசியில் மட்டும் -dirty என்றொரு வால். கமிட் செய்யாத மாற்றத்தோடு பில்டு செய்து ஏற்றியிருக்கிறான் என் கூட்டாளி, படுபாவி!

பாண்டிச்சேரி ஆபீசில் இருந்தவனுக்குப் போன் போட்டேன். "டேய், அந்த மாத்தம் எங்கடா?"

"சும்மா போட்டுப் பாத்தேன்டா. சரிப்படாதுன்னு அப்பவே அழிச்சிட்டேன்."

உப்பளக்காரர் நல்ல பெட்டியைத் தட்டிக்கொடுத்தார். "இது தங்கம் சார்."

"அதைத் தொடாதீங்க!" என்று அலறினேன். அவன் அழித்த அந்த மாற்றத்துக்கு எங்களிடம் மிஞ்சியிருந்த ஒரே பிரதி அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.